பார்சலில் ஒன்று வரவில்லை, ஒன்று மாறி வந்திருக்கிறது: பணத்தை எப்படித் திரும்பக் கேட்பது?

"வேளச்சேரியில் இருக்கோம். நேத்து சனிக்கிழமை ராத்திரி ஆப்பில் ரெண்டு சிக்கன் பிரியாணி, ஒரு சிக்கன் 65, நாலு பரோட்டா போட்டோம். மொத்தம் 801 ரூபாய், யுபிஐ-ல கட்டினேன். சிக்கன் 65 வரவே இல்லை. ஒரு பிரியாணி வெஜ்ஜா மாறி வந்திருக்கு. அந்த டப்பாவை போட்டோ எடுத்து சாட்டில் போட்டேன். 'படத்தை வைத்து உறுதி செய்ய முடியவில்லை, 100 ரூபாய் கூப்பன் தருகிறோம்'னு சொல்றாங்க. கூப்பனை இன்னும் வாங்கல. முழுப் பணத்தையும் கேட்கலாமா? எப்படிக் கேட்கணும்?"

முதலில் அந்தக் கூப்பனைத் தொடாதீர்கள். அதை ஏற்றுக்கொள்ளும் பட்டனை அழுத்திவிட்டால், 'வாடிக்கையாளர் தீர்வை ஏற்றுக்கொண்டார்' என்று பதிவாகிப் புகார் மூடப்படும். அதன் பிறகு அதே ஆர்டருக்கு மறுபடி கேட்டால் 'ஏற்கெனவே தீர்க்கப்பட்டது' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். இப்போது உங்கள் புகார் திறந்தே இருக்கிறது. வேலையை இங்கிருந்து தொடங்கலாம்.

801 ரூபாயையும் கேட்க வேண்டாம். பரோட்டா சரியாக வந்திருக்கிறது, ஒரு பிரியாணியும் சரியாக வந்திருக்கிறது. வராததற்கும் மாறி வந்ததற்கும் உரிய தொகை எவ்வளவு என்று பில்லை வைத்துக் கணக்குப் போட்டுக் கேட்டால் மறுப்பது கடினம். முழுத் தொகையைக் கேட்டால் 'பகுதி ஆர்டர் சரியாகவே வந்துள்ளது' என்று மறுக்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் படத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் புகார் தடுக்கி நின்றது அங்கேதான்.

வராத பொருளைப் படம் எடுக்க முடியாது. வந்தது எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டினால்தான் எது வரவில்லை என்பது தெரியும். நீங்கள் அனுப்பியது மாறி வந்த ஒரு டப்பாவின் படம். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதில் மேலாக்கில் இருக்கும் சோறு தெரியும், அவ்வளவுதான். சிக்கன் 65 வந்ததா வரவில்லையா என்று அந்தப் படம் எதுவும் சொல்லாது. பிரியாணி விஷயத்திலும் அது பெரிதாக உதவாது. நம் ஊர் டப்பா பிரியாணியில் கறித் துண்டை அடியில் வைத்து மேலே சோற்றை மூடித் தருவதுதான் வழக்கம். மூடியைத் திறந்ததும் எடுத்த படத்தில் சிக்கன் பிரியாணியும் வெஜ் பிரியாணியும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். 'உறுதி செய்ய முடியவில்லை' என்று அவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

படத்தை இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தவறு கடையுடையது என்று முடிவானால், திருப்பித் தரும் பணம் பெரும்பாலும் கடைக்குச் சேர வேண்டிய தொகையில்தான் கழிக்கப்படும். கடைக்காரர் 'நாங்கள் சரியாகத்தான் கட்டிக் கொடுத்தோம்' என்று மறுக்கலாம். அப்போது ஆப் நிறுவனத்தின் கையில் காட்டுவதற்கு இருப்பது நீங்கள் எடுத்த படம்தான். அது கடைக்காரரையும் வாயடைக்கச் செய்யும் படமாக இருந்தால் உங்கள் பணம் வேகமாக வரும்.

அப்படிப்பட்ட படத்தை எப்படி எடுப்பது? சாப்பாட்டு மேசையிலோ தரையில் செய்தித்தாள் விரித்தோ கவரில் வந்த அத்தனையையும் பரப்புங்கள். பிரியாணி டப்பா, பரோட்டா பொட்டலம், சால்னா, தயிர் வெங்காயம், கத்திரிக்காய் தொக்கு, அவித்த முட்டை என எதையும் விடாதீர்கள். சிறிய பாக்கெட்டைக்கூட விடக் கூடாது, 'வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படம் எடுத்திருக்கலாமே' என்ற சந்தேகம் வராமல் இருக்க அதுதான் வழி. காலியான கவரைத் தலைகீழாகப் பக்கத்தில் வையுங்கள். கவரில் பின் அடித்தோ ஒட்டியோ வந்த பில்லை, ஆர்டர் எண் படிக்கும்படி நடுவில் வையுங்கள். எழுந்து நின்று மேலிருந்து ஒரே படம். இதுதான் முதல் படம், முக்கியமான படமும் இதுதான்.

இரண்டாவது படம் பில்லுக்கும் ஸ்டிக்கருக்கும் மட்டும், கிட்டத்தில் போய் எடுங்கள். கவுன்ட்டரில் டெலிவரி பண்ணுபவர் ஆர்டரின் கடைசி நாலு எண்ணைச் சொல்லித்தான் பார்சலை வாங்குவார். அதே எண் உங்கள் ஆப்பிலும் இருக்கும், ஸ்டிக்கரிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால், பார்சல் உங்களுடையதுதான், கட்டியதில்தான் தவறு என்று நிரூபணமாகும். ஒத்துப்போகவில்லை என்றால் கதையே வேறு: முழுப் பையும் இன்னொருவருடைய பையோடு மாறியிருக்கிறது. அப்போது பையைப் பிரிக்காமலேயே ஸ்டிக்கர் படத்தை அனுப்பி முழுத் தொகையையும் கேட்கலாம். அந்தப் பில்லில் வேறொருவரின் பெயர் இருக்கும் என்பதால் அதைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள்.

மூன்றாவது படம் மாறி வந்த பிரியாணிக்கு. டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து, கரண்டியால் சோற்றைப் பரப்புங்கள். பீன்ஸ், கேரட், பட்டாணி தெரிய வேண்டும், அடியில் கறி இல்லை என்பதும் தெரிய வேண்டும். மூடியைத் தூக்கிப் போடாமல் தட்டின் ஓரத்தில் வையுங்கள். கூட்டமான நேரத்தில் அடையாளத்துக்காக மூடி மேல் மார்க்கரால் சுருக்கமாக எழுதிவிடும் கடைகள் உண்டு. 'வெஜ்' என்று கடையில் எழுதியதே படத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சரியாக வந்த சிக்கன் பிரியாணியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வித்தியாசம் ஒரே பார்வையில் புரியும்.

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். சூடான டப்பாவைத் திறந்த உடனே எடுத்தால் ஆவி லென்ஸில் படிந்து படம் மங்கலாகிவிடும். அரை நிமிடம் விட்டு, லென்ஸைத் துணியால் துடைத்து எடுங்கள். இன்னொன்று, டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் அலுமினியத் தாளிலும் பிளாஸ்டிக் மூடியிலும் வெளிச்சம் அடித்து எழுத்து மறைந்துவிடும். கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாலே போதும். எடுத்த படத்தை வெட்டவோ, வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பித் திரும்ப எடுத்துப் போடவோ வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பில்லில் இருக்கும் சின்ன எழுத்து படிக்க முடியாமல் போகும்.

நேற்றைய பார்சலுக்கு இதில் எவ்வளவு செய்ய முடியும் என்று பாருங்கள். கவர், பில், மூடி எல்லாம் குப்பைத் தொட்டியில் இருந்தாலும் மாநகராட்சி வண்டி வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வெஜ் பிரியாணி ஃபிரிட்ஜில் இருந்தால் தட்டில் பரப்பி எடுங்கள். பாதி சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள்: 'குழந்தைகள் பசியில் இருந்ததால் கொஞ்சம் சாப்பிட்டோம், மீதி படத்தில் இருக்கிறது' என்று. நேற்று எடுத்த முதல் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள், பார்சல் வந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு அது ஆதாரம்.

அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, ஆப்பில் அந்த ஆர்டரின் பில்லைத் திறந்து பாருங்கள். கடையில் சிக்கன் 65 தீர்ந்துபோய், ஆர்டரிலிருந்து நீக்கப்பட்டு, அதற்கான பணம் தானாகத் திரும்பியிருக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் போட்ட ஆர்டரில் இப்படி நடக்க வாய்ப்பு உண்டு, அந்த அறிவிப்பு கண்ணில் படாமல் போவதும் உண்டு. இரண்டு, சிக்கன் 65 பொட்டலம் பரோட்டாவுக்கு அடியிலோ மடிப்புக்குள்ளோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே என்று பாருங்கள். கடை இரண்டு கவராகக் கொடுத்து, ஒன்று டெலிவரி பண்ணுபவரின் பையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அடுத்த முறை குறைந்திருப்பது தெரிந்த உடனே அவரை ஆப்பிலிருந்தே கூப்பிட்டு, "அண்ணா, இன்னொரு கவர் உங்க பேக்ல இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். டெலிவரி முடிந்த சிறிது நேரத்தில் அந்த அழைப்பு வசதி அடைபட்டுவிடும். சீல் பிரியாமல் வந்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கட்டியது கடை. அதனால் சீல் பிரிந்திருந்தால் ஒழிய அவர் மேல் புகார் போடாதீர்கள், அவருடைய சம்பாத்தியத்தை அது பாதிக்கும். உங்கள் பணத்துக்கும் அது உதவாது. புகார் தவறான பிரிவுக்குப் போய்ச் சேரும்.

பிரிவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஆர்டர் பட்டியலில் அந்த ஆர்டரைத் திறந்து, உதவிப் பகுதிக்குள் போனால் சில காரணங்களைக் காட்டும்: பொருள் வரவில்லை, தவறான பொருள் வந்தது, சுவையோ தரமோ சரியில்லை, சிந்திவிட்டது என்பது போல. பெயர்கள் ஆப்புக்கு ஆப் மாறும், அடிக்கடியும் மாறும். உங்களுக்கு வேண்டியவை முதல் இரண்டும் மட்டும்தான். 'தரம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது கருத்து வேறுபாடாகிவிடும், கருத்து வேறுபாட்டுக்குக் கூப்பன்தான் கொடுப்பார்கள். எந்தப் பொருள் என்று கேட்கும்போது சிக்கன் 65-ஐயும் சிக்கன் பிரியாணி ஒன்றையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விட்டால், அதன் கீழ் எழுதும் செய்தியிலேயே மற்றதையும் சொல்லிவிடுங்கள். முதலில் ஒன்று, அது முடிந்தபின் இன்னொன்று என்று போனால் இரண்டாவதைத் திறக்கவே விடாமல் போகலாம்.

இனி கணக்கு. உங்கள் பில் 801 ரூபாய் என்பதை வைத்து, அது இப்படி அமைந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். பிரியாணி 260 வீதம் இரண்டு, சிக்கன் 65 ஒன்று 200 ரூபாய், பரோட்டா 20 வீதம் நாலு. மொத்தம் 800. கடைத் தள்ளுபடி 120 போக 680. பேக்கிங், பிரியாணிகளுக்கு இரண்டு, 65-க்கு ஒன்று, பரோட்டாவுக்கு ஒன்று என 10 ரூபாய் வீதம் 40. இந்த 720-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 36. டெலிவரிக் கட்டணமும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் வரியோடு 45. ஆக 801. உங்கள் பில்லில் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டு இதே முறையில் போய்க்கொள்ளுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சிக்கன் 65-இன் விலை 200 என்பதால் 200 திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் 800-க்கு 120 தள்ளுபடி என்றால் ஒவ்வொரு பொருளிலும் 15 சதவீதம் குறைத்துத்தான் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். அதனால் 65-க்கு நீங்கள் உண்மையில் கொடுத்தது 170. அதற்கு 5 சதவீத வரி 8.50. ஆக 178.50. மாறி வந்த பிரியாணிக்கு 260-இல் 39 போக 221, வரி 11.05, ஆக 232.05. இரண்டும் சேர்ந்து 410.55. இவற்றுக்கான பேக்கிங் 20-உம் அதன் வரி ஒரு ரூபாயும் சேர்த்தால் 431.55. நீங்கள் கேட்க வேண்டிய தொகை இதுதான். அவர்கள் தருவதாகச் சொல்வது 100 ரூபாய்க் கூப்பன், அதுவும் குறைந்தபட்ச ஆர்டர் தொகை, காலக்கெடு என்ற கட்டுப்பாடுகளோடு வரக்கூடியது.

டெலிவரிக் கட்டணத்தையும் பிளாட்ஃபார்ம் கட்டணத்தையும் இதில் சேர்க்கவில்லை. உணவில் ஒரு பகுதி சரியாக வந்து சேர்ந்திருப்பதால் அவற்றைத் திருப்பித் தருவது அரிது. முழுப் பையும் மாறி வந்திருந்தால் அவற்றையும் தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது செய்தியை எழுதுங்கள். ஆறேழு வரிக்கு மேல் போகக் கூடாது. கோபத்தைப் பத்தி பத்தியாகக் கொட்டினால் படிப்பவர் தொகையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்படி எழுதலாம்:

> ஆர்டர் எண்: (ஆப்பில் உள்ளபடி முழு எண்). டெலிவரி: சனிக்கிழமை, இரவு (ஆப்பில் காட்டும் நேரம்).
> 1. சிக்கன் 65 (1) வரவில்லை.
> 2. சிக்கன் பிரியாணி 2-இல் ஒன்றுக்குப் பதிலாக வெஜ் பிரியாணி வந்துள்ளது.
> படம் 1: பார்சலில் வந்த அனைத்தும் பில்லுடன். படம் 2: ஆர்டர் எண் உள்ள ஸ்டிக்கர். படம் 3: தட்டில் பரப்பிய வெஜ் பிரியாணி, மூடியுடன்.
> தள்ளுபடியும் வரியும் கணக்கிட்டபின் வரவேண்டிய தொகை ரூ. 431.55. இதை நான் பணம் கட்டிய யுபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்பவும். கூப்பனை நான் ஏற்கவில்லை.
> மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் புகார் எண்ணையும் எழுத்தில் தரவும்.

சாட்டில் பேசுபவருக்குத் தமிழ் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் எழுத வராவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து இதையே எழுதச் சொல்லுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் போதும். கடைசி வரி மிக முக்கியம். 'எழுத்தில் காரணம்' என்று கேட்டவுடன் தானியங்கிப் பதிலிலிருந்து ஒரு ஆளிடம் புகார் போக வாய்ப்பு இருக்கிறது. போகாவிட்டாலும் அடுத்த கட்டத்துக்கு அந்தப் பதில் உங்களுக்குத் தேவைப்படும். சாட் முடிந்ததும் மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆப்பின் வாலட்டில் பணமாகப் போடட்டுமா என்று கேட்டால் அது உங்கள் விருப்பம். வாலட்டில் உடனே வந்துவிடும், அடிக்கடி ஆர்டர் போடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. ஆனால் அது கூப்பனா, கட்டுப்பாடில்லாத பணமா, காலக்கெடு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகு சம்மதியுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், திரும்ப அனுப்பக் கணக்கு எதுவும் இருக்காது என்பதால் பெரும்பாலும் வாலட் என்றுதான் சொல்வார்கள். யுபிஐ முகவரிக்கு அனுப்பும் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரியான படமும் கணக்கும் கொடுத்த பிறகும் மறுத்தால்? உங்கள் கணக்கிலிருந்து முன்பு அடிக்கடி ரீஃபண்ட் கேட்டிருந்தால் தானியங்கி அமைப்பு உங்களைக் கண்டிப்பாகப் பார்க்கும். வீட்டில் நாலு பேர் ஒரே கணக்கில் ஆர்டர் போட்டு, பிடிக்காததற்கெல்லாம் புகார் போடும் வீடுகளில் உண்மையான புகார் வரும்போது அடிபடுவது இதனால்தான். ஆனாலும் பழைய வரலாறு இந்த ஆர்டரின் பணத்தை மறுக்கக் காரணம் ஆகாது. அப்போது சாட்டை விட்டுவிட்டு மின்னஞ்சலுக்குப் போங்கள்.

2020-ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இப்படிப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரைப் பின்தொடர ஒரு எண்ணும் தர வேண்டும். இந்த அதிகாரியின் முகவரி உதவிப் பகுதியில் கண்ணில் படாது. விதிமுறைகள், சட்டம் என்று ஆப்பின் அடியில் இருக்கும் பக்கங்களில் தேட வேண்டும். மேலே எழுதிய அதே செய்தியை அனுப்பி, மூன்று படங்கள், ஆப்பிலிருந்து இறக்கிய பில், சாட் ஸ்கிரீன்ஷாட், உங்கள் வங்கிக் கணக்கில் 801 பிடித்த பதிவு ஆகியவற்றை இணையுங்கள். தலைப்பில் ஆர்டர் எண்ணையும் புகார் எண்ணையும் போடுங்கள். எந்த விதியில் எந்த உட்பிரிவு என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. '48 மணி நேரத்தில் ஒப்புகை எதிர்பார்க்கிறேன்' என்ற ஒரு வரி போதும், விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று அங்கே புரிந்துகொள்வார்கள்.

அங்கும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். consumerhelpline.gov.in தளத்தில் பதிவு செய்தால் படங்களையும் இணைக்க முடியும், அதனால் தளத்தையே பரிந்துரைப்பேன். இந்த உதவி மையம் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு அல்ல. புகாரை நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறது. ஆனால் சில நூறு ரூபாய்ப் புகாருக்கு அதுவே பெரிய நெருக்கடி. 431 ரூபாய்க்காக அரசுத் தளத்தில் ஒரு புகார் திறந்து கிடப்பதை எந்த நிறுவனமும் விரும்பாது.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-jagriti.gov.in மூலம் வீட்டிலிருந்தே மனு போடலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய சென்னை ஆணையத்திலேயே போடலாம். 2019 சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஒரு பிரியாணிக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. இது போன்ற ஒரே ஒரு தவறுக்கு 1915-உடன் நிறுத்திக்கொள்வதே நேரத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் சைவ உணவு கேட்டவர் வீட்டுக்கு அசைவம் வந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். அது பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. அப்போது ரீஃபண்டோடு சேர்த்துத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கும் கடையின் பெயர், ஆப் பக்கத்தில் இருக்கும் 14 இலக்க உரிம எண், படங்கள் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். புழு, பூச்சி, கெட்டுப்போன கறி என்றாலும் அப்படியே.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஆப்பில் பதில் வராத எரிச்சலில் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்களும் கலந்திருக்கும். கூப்பிட்டால் அன்பாகப் பேசுவார்கள். "ரீஃபண்ட் அனுப்புறோம் சார், இந்த ஆப்பை இறக்குங்க, யுபிஐ பின் போடுங்க" என்பார்கள். பணம் நம் கணக்குக்கு வர பின் எண் போட வேண்டியதே இல்லை. பின் போட்டால் பணம் போகும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அதேதான். அப்படி ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க முடியும்.

கடைசியாக, 'ரீஃபண்ட் செய்துவிட்டோம்' என்று செய்தி வந்தும் கணக்கில் காணவில்லை என்றால் பதறாதீர்கள். ஆப் அனுப்பிய நாளுக்கும் வங்கியில் வரவாகும் நாளுக்கும் இடையில் சில வேலை நாட்கள் போகலாம். முதலில், எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்கள் என்று சரிபாருங்கள். யுபிஐ ஆப்பில் இரண்டு வங்கிகளை இணைத்து வைத்திருப்பவர்கள் தவறான பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கார்டில் கட்டியிருந்தால் அது அந்தக் கார்டின் ஸ்டேட்மென்ட்டில் வரவாக விழும், சேமிப்புக் கணக்கில் தேடினால் இருக்காது. சொன்ன நாள் கடந்தும் வரவில்லை என்றால் சாட்டில் 'எப்போது வரும்' என்று கேட்காமல், அந்த ரீஃபண்டின் வங்கிக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். யுபிஐ என்றால் அது 12 இலக்கம், கார்டு என்றால் 23 இலக்கம். அந்த எண்ணோடு உங்கள் வங்கியைக் கேட்டால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்ல முடியும். எண்ணைத் தர மறுத்தால் பணம் இன்னும் அவர்கள் பக்கத்திலிருந்தே கிளம்பியிருக்காது என்று எடுத்துக்கொண்டு, அதே புகார் எண்ணில் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மறுபடி எழுதுங்கள்.